தூரத்திலிருந்து வரும் ரவிக்கை ஆர்டர்: எங்கள் கேப்ஷனில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெண்கள் பலர் இன்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். புடவையை அம்மா ஈப்போவுக்குப் போய் லிட்டில் இந்தியாவில் எடுத்துவிடுவார். ரவிக்கைத் துணி எங்கள் கடைக்கு வந்துவிடும். உடுத்தப் போகிறவர் மட்டும் தீபாவளிக்கு முதல் நாள் இரவுதான் பேருந்தில் வந்து இறங்குவார். அவரை நிற்க வைத்து அளவெடுக்க எங்களுக்கு வாய்ப்பே இல்லை. ஆகவே இன்ஸ்டாகிராமில் ரவிக்கைப் படத்துக்குக் கீழே நாங்கள் எழுதும் கேப்ஷன், விளம்பரமாக மட்டும் இல்லாமல் அளவெடுக்கும் ஆளாகவும், தேதி சொல்லும் ஆளாகவும், பிறகு ஏதாவது பிசகினால் இரு தரப்பும் எடுத்துப் பார்க்கும் ஒப்பந்தச் சீட்டாகவும் இருக்க வேண்டியதாகிவிட்டது. இதே தொழிலில் இருக்கும் சகோதரிகளுக்கும், தூரத்திலிருந்து தைக்கக் கொடுக்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால், அந்த கேப்ஷனின் வரிகள் எப்படி உருவாயின என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு சொல். இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. கேட்பதற்கு நிறைய இருப்பதுபோல் தோன்றினாலும், தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால் நாம் நினைப்பதைவிட விரைவிலேயே அந்த இடம் நிரம்பிவிடுகிறது. அது தவிர, படத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் கண்ணில் முதல் ஓரிரு வரிகள்தான் படும். மீதியைப் பார்க்க அவர் தட்டித் திறக்க வேண்டும். பல கடைகள் அந்த முதல் வரியை வாழ்த்துக்கும் பூப்படங்களுக்கும் கொடுத்துவிடுகின்றன. நாங்கள் அங்கே ஆர்டர் முடியும் தேதியையும் தைக்க ஆகும் நாள்களையும் வைக்கிறோம், ஏனென்றால் அதைப் பார்க்காமல் விட்டவர்தான் பிறகு மிகுந்த மனவருத்தத்தோடு அழைக்கிறார்.

அளவைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் வரும் எண்களில் இருக்கும் பெரிய சிக்கல் அவை தவறாக இருப்பதல்ல, எதன் அளவு என்று தெரியாமல் இருப்பதுதான். ஒருவர் “மார்பு 36” என்று அனுப்புகிறார். அது உடம்பைச் சுற்றி எடுத்த 36 ஆக இருந்தால், மூச்சு விடவும் கையை அசைக்கவும் இடம் வேண்டி நாங்கள் ஓர் இன்ச் கூட்டி, ரவிக்கையை 37 ஆகத் தைப்போம். அதே 36, நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கையைக் கிடத்தி எடுத்த அளவாக இருந்தால், அந்த இடம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல் மீண்டும் ஓர் இன்ச் கூட்டினால் அக்குளில் துணி தொங்கும். இரண்டிலும் எண் ஒன்றுதான், ரவிக்கை வேறு. எனவே எங்கள் கேப்ஷனில் அளவுப் பகுதி தொடங்கும் இடத்திலேயே, அனுப்புவது உடம்பின் அளவா ரவிக்கையின் அளவா என்பதை முதலில் எழுதச் சொல்கிறோம். அந்த ஒரு சொல் இல்லாமல் வரும் எண்களை நான் கொப்பியில் ஏற்றுவதில்லை. கேட்டு வாங்கிய பிறகுதான் ஏற்றுகிறேன்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், தூரத்து ஆர்டருக்கு ரவிக்கையின் அளவுதான் என்பது என் கருத்து. தன் உடம்பில் தானே அளவெடுக்கும்போது கை தூக்கப்படுகிறது, மூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது, முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடுவது தெரிவதில்லை. மேசையில் கிடக்கும் ரவிக்கைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கொக்கிகளை எல்லாம் போட்டு, முதுகுப் பக்கம் மேலே தெரியுமாறு கிடத்தி, கையால் நீவி மட்டும் விட வேண்டும், இழுக்கக் கூடாது. ஒரு பக்கத்து அக்குளில் கையும் உடலும் பக்கத் தையலும் சந்திக்கும் புள்ளியிலிருந்து மறுபக்கத்து அதே புள்ளி வரை டேப்பை வைத்தால் மார்பின் பாதி அளவு கிடைக்கும். கீழ்ப்பட்டியின் அகலம் இடுப்பின் பாதி. தோள் அளவை முதுகுப் பக்கமாக, ஒரு கைத் தையலிலிருந்து மறு கைத் தையல் வரை நேராக எடுக்க வேண்டும். பின் கழுத்து அகலமாக இருந்தால் டேப் வெற்றிடத்தின் மேல்தான் போகும், அதற்காகக் கழுத்தின் வளைவோடு டேப்பைக் கொண்டுபோகக் கூடாது. நீளத்தை முன்பக்கத்தில், கழுத்தை ஒட்டிய தோள் உச்சியிலிருந்து மார்பின் மேலாக நேரே கீழ்ப்பட்டி வரை எடுக்க வேண்டும்.

கழுத்து இறக்கத்தில்தான் பலருக்குத் தடுமாற்றம் வருகிறது. கழுத்தின் வளைவை ஒட்டி டேப்பை ஓடவிட்டு 9 என்று அனுப்புகிறார்கள். அது வளைவின் நீளம், இறக்கம் அல்ல. இரண்டு தோள் உச்சிகளையும் தொடுமாறு ஓர் அடிக்கோலைக் குறுக்கே வைத்து, அதன் நடுவிலிருந்து கழுத்தின் அடி வரை செங்குத்தாக எவ்வளவு என்று பார்த்தால், அதே கழுத்து 6½ அல்லது 7 என்றுதான் வரும். முன் கழுத்து இரண்டு இன்ச் கூடுதலாக இறங்கிவிட்டால் அந்த ரவிக்கையை அம்மாவின் முன்னால்கூடப் போட்டுக்கொள்ள முடியாது. வெட்டிய கழுத்தை மேலே ஏற்றவும் வழி இல்லை. இந்தக் காரணத்தால் அடிக்கோல் வைக்கும் முறையை கேப்ஷனில் எழுதியதோடு, அப்படி வைத்து எடுத்த படம் ஒன்றையும் அதே பதிவில் சேர்த்திருக்கிறோம்.

ரவிக்கையின் அளவே நல்லது என்று சொன்னேன், ஆனால் அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை ஓர் ஆர்டரை வைத்தே விளக்குகிறேன். ஜொகூர் பாருவில் தாதியாக வேலை பார்க்கும் ஒரு தங்கை, அக்காவின் கல்யாணத்துக்காகப் பட்டுப் புடவையோடு வந்த 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியை அனுப்பி, தனக்கு மிகவும் பிடித்த ரவிக்கையின் அளவு என்று சொல்லி எண்களையும் அனுப்பினார். மார்பு பாதி 16½, அதாவது முழுச் சுற்று 33; தோள் 14½; கைக்குழிச் சுற்று 14; கையின் சுற்று 10. எண்களைத் தனித்தனியே பார்த்தால் எதுவும் விபரீதமாக இல்லை. சேர்த்துப் பார்த்தால்தான் இடித்தது. தோள் 14½ இருக்கும் ஒருவருக்குப் பட்டிலோ பருத்தியிலோ தைத்த ரவிக்கையில் கைக்குழி 16 இன்ச்சை ஒட்டித்தான் இருக்கும். 14 என்பது மெலிந்த பள்ளிப் பிள்ளைக்கு உரிய அளவு. தோள் ஓர் ஆளையும், மார்பும் கையும் வேறோர் ஆளையும் காட்டின.

“தங்கச்சி, அந்த ரவிக்கையைப் படம் எடுத்து அனுப்புங்கள், உள்பக்கத்தையும் சேர்த்து” என்று கேட்டேன். படத்தில் மார்புப் பகுதியில் டாட் எதுவும் இல்லை, முன்னால் கொக்கிப் பட்டியும் இல்லை. தலை வழியாகப் போட்டுக்கொள்ளும், இழுத்தால் நீளும் துணியில் செய்த ஆயத்த ரவிக்கை அது. அந்த வகைத் துணி உடம்பைவிடச் சிறியதாகவே வெட்டப்படுகிறது. போடும்போது நீண்டு உடம்பின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. பட்டு நீளாது. அந்த 33-ஐ நம்பி வெட்டியிருந்தால் கொக்கிகள் மார்பில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்குமே தவிரச் சேர்ந்திருக்காது.

பிறகு அவரிடம் இரண்டு வகை அளவுகளையும் கேட்டு வாங்கினோம். அறைத் தோழியின் உதவியோடு எடுத்த உடம்பின் அளவில் மார்பு 36, மார்புக்குக் கீழே 30½, கையின் மேல்பகுதி 12 என்று வந்தது. அலமாரியில் இருந்த ஒரு பழைய பருத்தி ரவிக்கையின் பாதி அளவு 18¼, அதாவது முழுச் சுற்று 36½. அது எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, உட்கார்ந்தால் நடுக் கொக்கிகளுக்கிடையே கொஞ்சம் இடைவெளி தெரிவதாகச் சொன்னார். உடம்பு 36, அரை இன்ச் இடம் விட்ட ரவிக்கை சற்று இறுக்கம் என்றால், ஓர் இன்ச் விட்டு 37 என்பது சரியாக இருக்கும். ஒரு வழியில் வந்த எண்ணை இன்னொரு வழியில் வந்த எண் ஆமோதித்தது. கையின் சுற்றை 12¾ ஆகவும் கைக்குழியை 16 ஆகவும் முடிவு செய்து, எல்லா அளவுகளையும் வரிசையாகத் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பி, “சரி அக்கா” என்ற பதில் வந்த பிறகே கத்திரி எடுத்தோம். இந்த ஆர்டரால்தான் கேப்ஷனில் ஒரு வரி சேர்ந்தது: இழுத்தால் நீளும் ரவிக்கையை அளவுக்குக் கொடுக்காதீர்கள், முன்னால் கொக்கி வைத்து, நீளாத துணியில் தைத்ததையே கொடுங்கள்.

கைக்குழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வாடிக்கையாளர்களின் எண்ணம் துணியின் நடத்தைக்கு நேர் எதிராக ஓடும் இடம். “கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறுகிறது, அக்குளில் இன்னும் லூசாக வையுங்கள்” என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்த ரவிக்கையில் கைக்குழி ஏற்கெனவே தேவைக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். கைக்குழியின் அடி அக்குளிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, கை உயரும்போது பக்கத் தையலை அவ்வளவு மேலே இழுத்துக்கொண்டு போகும். அதை இன்னும் தாழ்த்தினால் இழுப்பு கூடும், குறையாது. கைக்குழியின் அடி அக்குளை ஒட்டி, உறுத்தாமல் நிற்கும் அளவுக்கு உயரமாக இருந்தால்தான் கை தனியாகவும் உடல் தனியாகவும் அசையும். எனவே கேப்ஷனில் கைக்குழியை “அக்குளை ஒட்டி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு” எடுக்கச் சொல்கிறோம். ஏற்கெனவே தாழ வெட்டிய கைக்குழியைப் பிறகு உயர்த்த முடியாது, அங்கே இருந்த துணி வெட்டுத் துண்டுகளோடு போய்விட்டது. வேறு கடையில் தைத்த ரவிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி எங்களிடம் கொண்டுவருபவர்களில் சிலரைத் திருப்பி அனுப்ப நேர்வதும் இதனால்தான்.

இனி நாள் கணக்கு. லைனிங் வைத்த சாதாரண ரவிக்கைக்கு 14 வேலை நாள், ஆரி வேலைப்பாடு இருந்தால் நான்கு வாரம் என்று எழுதுகிறோம். ஒரு ரவிக்கையை வெட்டித் தைக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் ஒரு நாள்கூட ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் ஏன் இத்தனை நாள் என்ற கேள்வி வருவது இயல்பு. வரிசையில் நமக்கு முன்னால் இருக்கும் துணிகள் ஒரு காரணம். பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் லைனிங். பருத்தி லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கும், மேல் துணி சுருங்காது. ரவிக்கையின் வெளிப்பக்கம் தையல் ஓரமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும், அதை எந்த இஸ்திரியாலும் அமர்த்த முடியாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் தோறும் மழை பிடித்துக்கொள்ளும் நம் ஊரில் துணி உலர்வதற்கே ஒரு நாளுக்கு மேல் போய்விடும். உடனடியாக வேண்டும் என்று கேட்டு வாங்கும் ரவிக்கைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான். நாங்கள் கூடுதல் பணம் வாங்கி அவசர ஆர்டர் எடுப்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

அந்த 14 நாள் எப்போது தொடங்குகிறது என்பதை எழுதாமல் விட்டால், எத்தனை நாள் என்று எழுதியும் பயனில்லை. வாடிக்கையாளர் முதல் செய்தி அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவார். கடைக்காரர் துணி வந்த நாளிலிருந்து எண்ணுவார். எங்கள் கேப்ஷனில், துணி, இரு தரப்பும் உறுதி செய்த அளவு, பாதி முன்பணம் ஆகிய மூன்றும் வந்து சேர்ந்த மறுநாள் முதல் நாள் என்று இருக்கிறது. வேலை நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை என்பதையும் வெளிப்படையாக எழுதுகிறோம். கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்கள் கடை இருக்கும் பேராக்கில் சனியும் ஞாயிறும். ஜொகூரோ 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியது. கெடாவின் சுங்கை பட்டாணியில் இருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை திறந்திருக்கும் என்று எண்ணிக் காத்திருப்பதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

பண்டிகைக் காலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆவணி முகூர்த்தங்களின் கல்யாண ரவிக்கைகள் செப்டம்பர் நடு வரைக்கும் மேசையை விட்டு இறங்குவதில்லை, அவை இறங்கும் முன்பே தீபாவளித் துணிகள் வந்து குவிகின்றன. எனவே தீபாவளிக்கு ஆறு வாரத்துக்கு முன்பு ஆர்டரை நிறுத்துகிறோம். தீபாவளி 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்தது, 2026-இல் நவம்பர் 8 அன்று வருகிறது. ஏறக்குறைய மூன்று வார வித்தியாசம். போன வருடத்துக் கேப்ஷனை அப்படியே எடுத்துப் போடும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தத் தேதியைத்தான். ஆடி மாதத்தில் கல்யாணங்கள் இல்லாததால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரை எங்கள் இயந்திரங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. தீபாவளிப் புடவையை அந்த மாதத்திலேயே எடுத்துவிடும் அம்மாக்களுக்கு நாங்கள் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்வதுண்டு.

திருத்தம் பற்றிய பகுதியே கேப்ஷனில் மிகவும் யோசித்து எழுதியது. பல கடைகளின் பக்கத்தில் “தைத்த பின் மாற்றம் இல்லை” என்று ஒரே வரியில் முடித்திருப்பதைப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்கு அது நியாயமாகப் படுவதில்லை. சட்டமும் அதை ஏற்பதில்லை: மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும் என்கிறது, அந்தப் பொறுப்பை ஒப்பந்த வாசகம் எழுதி உதறிவிடவும் அது இடம் தருவதில்லை. உறுதி செய்த அளவு 37, வந்த ரவிக்கை 35½ என்றால், என்ன எழுதியிருந்தாலும் அது கடையின் பொறுப்பு. ஆகவே மாற்றம் உண்டா இல்லையா என்று எழுதுவதை விட்டுவிட்டு, எந்த மாற்றம் துணியால் முடியும், எது முடியாது, எதற்குப் பணம் இல்லை, எதற்கு உண்டு என்று பிரித்து எழுதினோம்.

சிறிதாக்குவது எப்போதும் முடியும், பக்கத் தையலில் பிடித்துவிட்டால் போதும். பெரிதாக்குவது, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜொகூர் தங்கையின் ரவிக்கையையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 37 என்றால் முன்பக்கம் இரண்டு, முதுகுப்பக்கம் இரண்டு என்று நான்கு கால் பகுதிகள், ஒவ்வொன்றும் 9¼ இன்ச். ஒவ்வொன்றின் பக்க ஓரத்திலும் 1½ இன்ச் துணி உள்ளே விட்டோம். அதில் அரை இன்ச் தையலைத் தாங்க வேண்டும் என்பதால் பிரித்துவிடக் கூடியது ஓர் இன்ச். நான்கு ஓரங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நான்கு இன்ச் பெரிதாக்கலாம் என்று வரும். ஆனால் நடைமுறையில் இரண்டு இன்ச்சுக்கு மேல் நான் பிரிப்பதில்லை. உடல் பகுதி அகலமாகும்போது கைக்குழியும் பெரிதாகிறது, அதற்கு ஈடாகக் கையின் உள்தையலிலும் துணி இருந்தாக வேண்டும், அதற்கும் மேலே போனால் டாட்டின் முனை இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நிற்கும். உள்ளே துணி நிறைய விட்டிருக்கிறோம் என்று பெருமையாக எழுதும் கடைகளிடம் கையிலும் விட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

புடவையோடு வரும் 80 சென்டிமீட்டர் துணியில் முழங்கை வரை கை வைக்கச் சொன்னால் இந்தக் கணக்கும் இறுகிவிடும். கைக்கு நீளமான துண்டு போய்விட்டதால், உடல் பகுதியில் உள்ளே விடும் துணி ஓர் இன்ச்சாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். அப்படி வரும் ஆர்டர்களில் வெட்டுவதற்கு முன்பே, “முழங்கைக் கை வேண்டுமானால் பிறகு பெரிதாக்க ஓர் இன்ச்தான் இருக்கும், சம்மதமா” என்று எழுத்தில் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தங்கை கையை 9 இன்ச்சோடு நிறுத்திக்கொண்டார்.

பட்டில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தையலைப் பிரித்துப் பெரிதாக்கினால், பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். பருத்தியில் ஒரு சலவைக்குப் பிறகு அவை பெரும்பாலும் மூடிக்கொள்ளும், பட்டிலும் டிஷ்யூவிலும் அப்படியே நிற்கும். புடவை முந்தானை இடது பக்கத்தை மறைத்துவிடும், வலது பக்கம் மறையாது. இதைத் திருத்தம் கேட்கும்போது சொன்னால் சாக்குப்போக்காகக் கேட்கும், ஆர்டர் எடுக்கும்போதே சொன்னால் தகவலாகக் கேட்கும். எனவே கேப்ஷனிலேயே இருக்கிறது.

ரவிக்கை கைக்கு வந்ததும் எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் எழுதினோம். அன்றைக்கு உடுத்தப் போகும் அதே உள்ளாடையோடு போட்டு, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மார்பு உச்சியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வான மடிப்புகள் ஓடினால் மார்பில் துணி போதவில்லை. நடுக் கொக்கிகளுக்கிடையே வாய் திறந்தாலும் அதேதான். டாட்டுக்குக் கீழே துணி பையாகத் தொங்கினால், டாட்டின் முனை மார்பு உச்சிக்கு மேலேயோ கீழேயோ விழுந்திருக்கிறது. தோள் நழுவினால் தோள் அளவையும் பின் கழுத்தின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்படி மடிப்பு எங்கே விழுகிறது என்று முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த இரண்டு படங்கள் போதும், “ஏதோ சரியில்லை” என்ற செய்தியைவிட அவற்றிலிருந்து எங்களுக்கு நிறையத் தெரியும்.

இப்போது எங்கள் பக்கத்தில் இருக்கும் கேப்ஷன் இதுதான்.

“2026 தீபாவளி ரவிக்கை ஆர்டர் செப்டம்பர் 25 வரை மட்டும். மற்ற நாள்களில் லைனிங் ரவிக்கைக்கு 14 வேலை நாள், ஆரி வேலைக்கு 4 வாரம். துணி, உறுதி செய்த அளவு, பாதி முன்பணம் மூன்றும் எங்களுக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து கணக்கு. வேலை நாள் திங்கள் முதல் வெள்ளி வரை.

அளவு அனுப்பும்போது அது உடம்பின் அளவா ரவிக்கையின் அளவா என்று முதலில் எழுதுங்கள். ரவிக்கையாக இருந்தால், முன்னால் கொக்கி வைத்த, இழுத்தால் நீளாத துணியில் தைத்ததாக இருக்கட்டும். கொக்கி போட்டு மேசையில் கிடத்தி, இழுக்காமல் அளக்கவும்: அக்குள் முதல் அக்குள் வரை, கீழ்ப்பட்டி அகலம், தோள், முன் நீளம், கை நீளம், கைச் சுற்று, கைக்குழி. கழுத்து இறக்கத்துக்குத் தோள்மேல் அடிக்கோல் வைத்து நேர்கீழாக அளக்கவும். உடம்பின் அளவாக இருந்தால் இன்னொருவர் எடுக்கட்டும். கைகள் கீழே இருக்கட்டும். கைக்குழி அக்குளை ஒட்டி ஒரு விரல் நுழையும் அளவு. அந்த ரவிக்கையில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்பதையும் எழுதுங்கள்.

ரவிக்கை கிடைத்த 14 நாளுக்குள், துவைக்காமல், முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு தெரிவிக்கவும். உறுதி செய்த அளவுக்கு மாறாக இருந்தால் திருத்தமும் தபால் செலவும் எங்களுடையது. உடல் அளவு மாறியதற்கும் மனம் மாறியதற்கும் திருத்தக் கூலி உண்டு. சுற்றளவில் 2 இன்ச் வரை பெரிதாக்கலாம். முழங்கைக் கை வைத்தால் 1 இன்ச். பட்டில் பழைய ஊசித் துளை தெரியும். கழுத்தை மேலே ஏற்றவோ, கைக்குழியை உயர்த்தவோ, கை நீளத்தை மடிப்புத் துணிக்கு மேல் கூட்டவோ முடியாது.”

இதை எழுதி முடித்தபோதே கேப்ஷன் நீண்டுவிட்டதால், கடை முகவரியையும் விலைப் பட்டியலையும் படங்களுக்கு மாற்றினோம். பிடிக்காததை எழுதச் சொல்லும் வரியை நீக்கலாமா என்று கடையில் பேச்சு வந்தது, நான் விடவில்லை. ஜொகூர் தங்கையின் நடுக் கொக்கி இடைவெளி தெரியவந்தது அந்தக் கேள்வியால்தான். “தோள் நழுவும்”, “முதுகில் பட்டை இறுக்கும்” என்று அங்கே வரும் அரை வரியை வைத்து வெட்டும் மேசையில் நாங்கள் எடுக்கும் முடிவுகள் அதிகம். தைத்த ரவிக்கையோடு, உறுதி செய்த அளவுகள் எழுதிய ஒரு சீட்டை மடித்து வைத்து அனுப்புகிறோம். அதில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதும் இருக்கும், ஆகவே அடுத்த முறை வாடிக்கையாளர் எங்களிடம் வராமல் தான் இருக்கும் ஊரிலேயே ஒரு தையல்காரரிடம் திருத்தக் கொடுத்தாலும், அந்தத் தையல்காரர் லைனிங்கைப் பிரித்துப் பார்க்காமலேயே எவ்வளவு பெரிதாக்க முடியும் என்று சொல்லிவிடலாம்.